சுயதொழில் செய்பவருக்கு மட்டும் கூடுதல் ஆவணம்: ஒரே வாக்கிய விதி ஒன்றைப் பிரித்து எழுதிய நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விதி இது:

> பொது ஆவணங்கள் தவிர, சுயதொழில் செய்யும் விண்ணப்பதாரர்கள் மற்றும் ஜாமீன்தாரர்கள் கடந்த இரண்டு ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு அல்லது தணிக்கை செய்யப்பட்ட லாப நட்டக் கணக்கு மற்றும் வங்கிக் கணக்கு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும்.

எந்த நிறுவனத்தின் படிவத்திலிருந்தும் இதை அப்படியே எடுக்கவில்லை. கடன் விண்ணப்பப் படிவங்களில் இந்த அமைப்பிலுள்ள விதிகள் ஏராளம் என்பதால், அவற்றில் ஒன்றைப் போலவே அமைத்துக்கொண்டேன். மேலோட்டமாகப் படித்தால் இதில் குறையொன்றும் தெரியாது. நாள்தோறும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலர், நிறுவனத்தின் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படிப்பதால், அவருக்கு ஒரே ஒரு பொருள்தான் கண்ணில் படும். படிவத்தை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு அந்த வழக்கம் தெரியாது. அவரிடம் இருப்பது வாக்கியம் மட்டுமே.

விதியைச் சோதிக்க இரண்டு பேரை வைத்துக்கொள்வோம். விண்ணப்பதாரர் ஓர் அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்குக் கணக்காளராக இருக்கிறார். விடுமுறை நாட்களில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துக் கட்டணம் பெறுகிறார். அவருக்கு ஜாமீன் நிற்கும் அக்கா 14 மாதங்களாகச் சொந்தமாகத் தையலகம் நடத்துகிறார். இவ்விருவரும் என்னென்ன ஆவணங்கள் தர வேண்டும் என்ற கேள்விக்கு, மேலே உள்ள வாக்கியத்தை மட்டும் கொண்டு விடை காண முடிகிறதா என்று பார்க்கலாம்.

வாக்கியம் எங்கெங்கே இரண்டாகப் பிரிகிறது

முதல் சொற்றொடரிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ‘பொது ஆவணங்கள் தவிர’ என்பதற்குப் பொது ஆவணங்களோடு கூடுதலாக என்றும் பொருள் கொள்ளலாம், பொது ஆவணங்களை நீக்கிவிட்டு என்றும் பொருள் கொள்ளலாம். எழுதியவர் கருதியது முதல் பொருளைத்தான் என்று ஊகிப்பது எளிது. ஆனால் அதே படிவத்தின் இன்னொரு பத்தியில் ‘ஓய்வூதியம் பெறுவோர் தவிர மற்ற அனைவரும்’ என்று வந்திருந்தால், ஒரே சொல் ஒரே தாளில் சேர்க்கவும் விலக்கவும் பயன்பட்டிருக்கிறது. நிபந்தனை விதிகளில் ‘தவிர’ என்ற சொல்லையே நான் பயன்படுத்துவதில்லை. சேர்ப்பதற்குக் ‘கூடுதலாக’ என்றும், விலக்குவதற்கு இன்னார் தர வேண்டியதில்லை என்று தனி வாக்கியமாகவும் எழுதிவிடுவது வழக்கம்.

அடுத்தது ‘சுயதொழில் செய்யும்’ என்ற பெயரெச்சம். அது விண்ணப்பதாரர்களோடு நின்றுவிடுகிறதா, ஜாமீன்தாரர்கள் வரை செல்கிறதா? முதல் வாசிப்பில், சம்பளம் வாங்கும் ஜாமீன்தாரரும் லாப நட்டக் கணக்கு தர வேண்டியவராகிறார். அவரிடம் அப்படி ஒரு கணக்கே இருக்காது. இரண்டாவது வாசிப்புதான் அறிவுக்குப் பொருந்துகிறது என்றாலும், இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. தமிழில் பெயரெச்சத்துக்குப் பின் பெயர்களை அடுக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும் என்பதால், அடுக்காமல் எழுதுவதே பாதுகாப்பு.

மூன்றாவதுதான் மிகவும் சேதம் விளைவிப்பது. வரிக் கணக்கு அல்லது தணிக்கைக் கணக்கு மற்றும் வங்கி அறிக்கை என்று வருகிறது. வரிக் கணக்கு கொடுத்தவர் வங்கி அறிக்கையும் தர வேண்டுமா, வேண்டாமா என்பதை இந்த அடுக்கிலிருந்து தீர்மானிக்க இயலாது. அலுவலர் வழக்கப்படி வங்கி அறிக்கையை எல்லாரிடமும் கேட்பார். ஆனால் இதே விதியை இணையப் படிவத்துக்காக நிரலாக்குபவர் வாக்கியத்தின் வரிசைப்படியே எழுதினால், அவரை அறியாமலேயே இன்னொரு வாசிப்பு தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுகிறது. பெரும்பாலான நிரல்மொழிகளில் ‘மற்றும்’ என்பதற்கான `&&` குறிக்கு, ‘அல்லது’ என்பதற்கான `||` குறியைவிட முன்னுரிமை உண்டு:

```
vari || thanikkai && vangi      // vari || (thanikkai && vangi)
(vari || thanikkai) && vangi
```

முதல் வரியில் வரிக் கணக்கை மட்டும் பதிவேற்றியவரின் விண்ணப்பம் முழுமையானது என்று கணினி ஏற்றுக்கொள்ளும். சில நாள் கழித்து அலுவலர் அதே விண்ணப்பத்தை வங்கி அறிக்கை இல்லை என்று திருப்பி அனுப்புவார். நிரலிலும் பிழையில்லை, அலுவலரும் தவறு செய்யவில்லை. இருவரும் ஒரே வாக்கியத்தை வெவ்வேறாகப் படித்திருக்கிறார்கள்.

நான்காவதாக, ‘கடந்த இரண்டு ஆண்டுகளின்’ என்பது வரிக் கணக்கை மட்டும் தழுவுகிறதா, மூன்று ஆவணங்களையும் தழுவுகிறதா என்பது. இந்த நான்கு இடங்களிலும் இரண்டிரண்டு வாசிப்புகள் உள்ளதால், வாக்கியத்துக்கு 16 பொருள்கள் கிடைக்கின்றன. அவற்றில் பல, நடைமுறை அறிந்தவர் சிரித்து ஒதுக்கிவிடக்கூடியவையே. ஒதுக்கிய பிறகு எஞ்சும் ஐந்தாறு பொருள்கள்தான் தொல்லை தருபவை, ஏனென்றால் அவை ஒவ்வொன்றையும் நியாயப்படுத்தி வாதிட முடியும்.

சொல்லாமல் விட்ட மறுபக்கம்

வாக்கியத்தின் அமைப்பை ஒழுங்குபடுத்திவிட்டாலும் ஒரு குறை மீதமிருக்கும். சுயதொழில் செய்பவர் கூடுதல் ஆவணம் தர வேண்டும் என்று மட்டும் சொன்னால், மற்றவர்களைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. இப்படி இருந்தால் இப்படிச் செய் என்று கேட்பவர், அப்படி இல்லாவிட்டால் செய்ய வேண்டாம் என்று தாமாகவே சேர்த்துக்கொள்வார். இந்தப் போக்கை மொழியியலாளர்களான மைக்கேல் கைஸ், ஆர்னால்ட் ஸ்விக்கி இருவரும் 1971-இல் விவரித்திருக்கிறார்கள். அன்றாடப் பேச்சில் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே அமையும். விதிகளில் அதை நம்ப முடியாது, ஏனென்றால் வேறு ஒரு விதி வேறு ஒரு காரணத்துக்காக அதே ஆவணத்தைக் கேட்கக்கூடும். வாடகை வருமானம் காட்டுபவர் வங்கி அறிக்கை தர வேண்டும் என்று அடுத்த பக்கத்தில் இருக்கலாம்.

‘மட்டும்’ என்ற சொல்லைச் சேர்த்தால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் இடம் சற்று நகர்ந்தாலே பொருள் மாறிவிடுகிறது. ‘சுயதொழில் செய்பவர்கள் மட்டும் லாப நட்டக் கணக்கைத் தர வேண்டும்’ என்பது மற்றவர்களை விடுவிக்கிறது. ‘சுயதொழில் செய்பவர்கள் லாப நட்டக் கணக்கை மட்டும் தர வேண்டும்’ என்பது சுயதொழில் செய்பவர்களை மற்ற ஆவணங்களிலிருந்து விடுவிக்கிறது. தட்டச்சில் ஒரு சொல் இடம் மாறினால் இந்த அளவு விளைவு ஏற்படும் வாக்கியத்தை விதியாக வைத்துக்கொள்ளாமல், ‘தர வேண்டியதில்லை’ என்று முடியும் இரண்டாவது வாக்கியம் ஒன்றை எழுதிவிடலாம்.

சுயதொழில் செய்பவர் என்றால் யார்

இதுவரை பார்த்தவை மொழியின் சிக்கல்கள். கவனமாக எழுதும் எவரும் சரிசெய்துவிடுவார்கள். கணக்காளரின் நிலையை வைத்துப் பார்க்கும்போதுதான் விதியின் உண்மையான ஓட்டை தெரிகிறது. அவரிடம் ‘நீங்கள் சுயதொழில் செய்பவரா’ என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார். அவருடைய வாழ்க்கை சம்பளத்தில் நடக்கிறது. விடுமுறை நாள் வேலையை அவர் தொழிலாகக் கருதுவதில்லை. அதே கேள்விக்கு அவருடைய வரிக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் அலுவலர் வேறு விதமாக விடையளிப்பார். விண்ணப்பதாரரைத் தம்மைத்தாமே ஒரு வகையில் பொருத்திக்கொள்ளச் சொல்லும் விதி எதுவானாலும், அந்த வகையின் எல்லையில் நிற்பவர்களிடம் தோற்கும். அவரிடம் கேட்க வேண்டியது நடந்தது என்ன என்பதை; அதை வைத்து வகைப்படுத்துவது விதியின் வேலை.

முதலில் தோன்றும் தீர்வு, நிபந்தனையை ஆளிடமிருந்து எடுத்து வருமானத்தின்மேல் வைப்பது: கடனைத் திருப்பிச் செலுத்துவதற்காக நீங்கள் காட்டும் வருமானத்தில் எந்தப் பகுதியாவது சம்பளம் அல்லாத தொழில் வருமானமா? இதற்கு ஒரு நல்ல நியாயம் உண்டு. ஆவணம் கேட்பதே காட்டிய வருமானத்தைச் சரிபார்ப்பதற்காக. காட்டாத வருமானத்துக்கு ஆவணம் எதற்கு? கணக்காளர் சம்பளத்தை மட்டும் காட்டினால் கூடுதல் ஆவணம் எதுவும் இல்லாமல் வேலை முடிந்துவிடும்.

ஆனால் கடன் மதிப்பீடு செய்பவர் இந்தத் தீர்வை உடனே மறுப்பார். தொழில் நட்டத்தில் ஓடினால், அந்த நட்டத்தைச் சம்பளத்திலிருந்துதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். நட்டத்தில் இருப்பவர் அந்தத் தொழிலை வருமானமாகக் காட்டவே மாட்டார். எனவே யாருடைய கணக்கை அவசியம் பார்க்க வேண்டுமோ, அவரையே இந்த நிபந்தனை தப்பிக்க விடுகிறது. இங்கே நிறுவனத்தின் கொள்கை என்ன என்பதை விதி எழுதுபவர் தாமாக முடிவு செய்யக் கூடாது. சிறிய பக்க வருமானத்துக்கும் கணக்கு கேட்பதா, நட்டத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பை விட்டுவிடுவதா என்ற கேள்வியை முடிவெடுக்கும் பொறுப்புள்ளவரிடம் எழுத்தில் வைத்து, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் பதில் இப்படி வந்ததாகக் கொள்வோம்: தொழில் சிறிதோ பெரிதோ, வருமானமாகக் காட்டினாலும் காட்டாவிட்டாலும், கணக்கைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பதில் வந்ததும், நிபந்தனை ஒட்ட வேண்டிய இடம் ஆளும் அன்று, வருமானமும் அன்று, தொழில்தான் என்பது தெளிவாகிறது. ஒருவருக்கு இரண்டு தொழில் இருந்தால் இரண்டுக்கும் ஆவணம் வேண்டும் என்பதும் அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. மூல விதி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்னொரு எல்லை நிறுவனப் பங்கு தொடர்பானது. தம்முடைய நிறுவனத்திலிருந்தே தாம் சம்பளம் வாங்குபவர் சம்பளக்காரரா, சுயதொழில் செய்பவரா? இதற்குப் பெயரை வைத்து விடை தேடாமல் ஓர் எண்ணை வைப்பதே வழக்கம். அமெரிக்காவின் ஃபேனி மே நிறுவனத்தின் வீட்டுக் கடன் வழிகாட்டி, ஒரு தொழிலில் 25 சதவீதமோ அதற்கு மேலோ உரிமை வைத்திருப்பவரைச் சுயதொழில் செய்பவராகக் கணக்கிடுகிறது. எண் எதுவானாலும், சரியாக அந்த எண்ணில் நிற்பவர் உள்ளே வருகிறாரா என்பதை எழுத வேண்டும். நான்கு பங்குதாரர்கள் சமமாகப் பிரித்துக்கொண்ட நிறுவனத்தில் ஒவ்வொருவரிடமும் இருப்பது சரியாக 25 சதவீதம். ‘25 சதவீதத்துக்கு மேல்’ என்று எழுதினால் நால்வருமே விடுபட்டுவிடுவார்கள்.

இரண்டு ஆண்டு என்பது எந்த இரண்டு

தையலகம் நடத்தும் அக்காவிடம் இரண்டு ஆண்டுக் கணக்கு இல்லை. மூல விதி அவரால் நிறைவேற்ற முடியாத ஒன்றைக் கேட்டுவிட்டு அமைதியாக இருக்கிறது. இத்தகைய இடங்களில் ஒவ்வோர் அலுவலரும் ஒரு வழக்கத்தை உருவாக்கிக்கொள்வார்: ஒருவர் விண்ணப்பத்தை மறுப்பார், மற்றொருவர் இருப்பதை வாங்கிக்கொள்வார்.

‘விண்ணப்பத் தேதிக்கு முன் முடிந்த கணக்காண்டுகள்’ என்று திருத்துவது நல்ல தொடக்கம்தான்; அதுவும் போதாது. 14 மாதங்களுக்கு முன் தொடங்கிய தையலகம், கணக்காண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கப்பட்டிருந்தால், இதுவரை இரண்டு கணக்காண்டுகள் முடிந்திருக்கும். முதலாவதில் தொழில் நடந்தது ஒரே ஒரு மாதம். கணக்காண்டு முடிய நான்கு மாதம் இருக்கும்போது தொடங்கப்பட்டிருந்தால் ஒரே ஒரு கணக்காண்டுதான் முடிந்திருக்கும். ஒரே வயதுள்ள இரண்டு தையலகங்கள், தொடங்கிய மாதத்தை மட்டும் பொறுத்து வெவ்வேறு பிரிவில் விழும். ஆகவே தொழில் 12 மாதமும் நடந்த கணக்காண்டை மட்டும் எண்ணுவது என்று வரையறுத்துக்கொண்டால், முதல் தையலகத்துக்கு ஒன்று, இரண்டாவதற்கு ஒன்றுமில்லை என்று ஆகிறது. வேறுபாடு அப்போதும் இருக்கிறது. ஆனால் ஒரு மாதக் கணக்கை ஓராண்டுக் கணக்காக ஏற்கும் அபத்தம் நீங்குகிறது. யார் எண்ணினாலும் ஒரே எண்தான் வரும்.

திருத்தி எழுதிய விதி

> 1. ஒவ்வொரு விண்ணப்பதாரரும் பகுதி அ-வில் உள்ள ஆவணங்கள் எல்லாவற்றையும் தர வேண்டும். ஒவ்வொரு ஜாமீன்தாரரும் அவ்வாறே தர வேண்டும்.
>
> 2. ஒவ்வொரு விண்ணப்பதாரரும் ஒவ்வொரு ஜாமீன்தாரரும் கீழ்க்காணும் இரு கேள்விகளுக்கும் தனித்தனியே பதிலளிக்க வேண்டும்.
> (க) விண்ணப்பத் தேதிக்கு முந்திய 12 மாதங்களில், பொருள் விற்றோ வேலை செய்து கொடுத்தோ, சம்பளமாக அல்லாமல் பணம் பெற்றீர்களா? சொந்தப் பயன்பாட்டில் இருந்த பொருளை விற்றது இதில் சேராது.
> (ங) விண்ணப்பத் தேதியன்று ஏதேனும் ஒரு நிறுவனத்தில் உங்களுக்கு 25 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு உள்ளதா?
>
> 3. இரு கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்று பதிலளித்தவர், பகுதி அ-வில் உள்ளவற்றுக்குக் கூடுதலாக, அந்த ‘ஆம்’ குறிக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் பகுதி ஆ-வில் உள்ள ஆவணங்களைத் தர வேண்டும்.
>
> 4. இரு கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று பதிலளித்தவர் பகுதி ஆ-வின்படி எதையும் தர வேண்டியதில்லை.

பகுதி அ என்பது பொது ஆவணங்களின் பட்டியல். பகுதி ஆ-வை வாக்கியமாக எழுதாமல் அட்டவணையாக அமைத்தேன். சிக்கலான நிபந்தனைகளை உரைநடையாகவும் அட்டவணை, பாய்வுப் படம் போன்ற வடிவங்களாகவும் கொடுத்துப் பட்ரீசியா ரைட், ஃப்ரேசர் ரீட் ஆகியோர் 1973-இல் ஒப்பிட்டபோது, தாளைப் பார்த்து விடை காண்பவர்களுக்குத் தொடர் உரைநடை மற்ற வடிவங்களைவிடக் கடினமாகவே இருந்தது.

| தொழில் 12 மாதமும் நடந்து முடிந்த கணக்காண்டுகள் | கணக்கு ஆவணம் | தொழிலுக்கான வங்கிக் கணக்கு அறிக்கை |
|---|---|---|
| ஒன்றும் இல்லை | தொழில் தொடங்கிய தேதிக்கான சான்று | தொடங்கிய தேதி முதல் விண்ணப்பத் தேதி வரை |
| ஒன்று | அந்த ஆண்டின் வரிக் கணக்கோ தணிக்கைக் கணக்கோ, ஏதேனும் ஒன்று | விண்ணப்பத் தேதிக்கு முந்திய 12 மாதங்கள் |
| இரண்டோ அதற்கு மேலோ | கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றுக்கும் வரிக் கணக்கோ தணிக்கைக் கணக்கோ, ஏதேனும் ஒன்று | விண்ணப்பத் தேதிக்கு முந்திய 12 மாதங்கள் |

இப்படிப்பட்ட அட்டவணையில் இரண்டே சோதனைகள் போதும்: எந்த நிலைமையும் வரிசைகளுக்கு வெளியே விழக் கூடாது, எந்த நிலைமையும் இரண்டு வரிசைகளில் பொருந்தக் கூடாது. பூச்சியம், ஒன்று, இரண்டும் அதற்கு மேலும் என்ற பிரிப்பு இரண்டிலும் தேறுகிறது. கணக்கு ஆவணமும் வங்கி அறிக்கையும் தனித்தனி நெடுவரிசைகளில் இருப்பதால், ‘அல்லது’ ஒரு கட்டத்துக்குள்ளேயே அடைபட்டுவிடுகிறது; வங்கி அறிக்கையை அது தொட முடியாது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொல்லால், ஓராண்டுக்கு வரிக் கணக்கும் மறு ஆண்டுக்குத் தணிக்கைக் கணக்கும் தரலாம் என்பதும் அடங்கிவிடுகிறது.

இப்போது நமது இருவரும். கணக்காளர் கேள்வி (க)-வுக்கு ‘ஆம்’ சொல்கிறார். தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு அவரிடம் இல்லை. கட்டணம் சம்பளக் கணக்கிலேயே வருகிறது. திருத்திய விதியும் இந்த இடத்தில் தடுமாறுகிறது. மூன்றாவது நெடுவரிசையின் கீழ் ‘தொழிலுக்கெனத் தனிக் கணக்கு இல்லையெனில், தொழில் பணம் வந்து சேரும் கணக்கின் அறிக்கை’ என்று ஒரு வரி சேர்த்த பிறகே விடை கிடைத்தது. அக்காவின் தையலகம் எந்த மாதம் தொடங்கியது என்று கேட்டதும் அவருக்குரிய வரிசை தெரிந்துவிடுகிறது.

சோதிக்கும் முறை

எழுதியவரே படித்துப் பார்ப்பதால் பயன் குறைவு, ஏனென்றால் அவருக்குத் தாம் நினைத்ததுதான் கண்ணில் படும். கற்பனை விண்ணப்பதாரர்களை, குறிப்பாக எல்லைகளில் நிற்பவர்களை, ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து ஒவ்வொருவருக்கும் உரிய ஆவணப் பட்டியலைக் கேட்க வேண்டும். இருவரில் ஒருவர் கடன் துறையைச் சாராதவராக இருப்பது நல்லது. இரு பட்டியல்களும் வேறுபடும் இடத்தில், யார் சரி என்று விவாதிக்காமல் விதியைத்தான் திருத்த வேண்டும்.

விதி நடைமுறைக்கு வந்த பிறகு பார்க்க வேண்டிய அடையாளம் வேறு. ஆவணம் குறைவாகத் தருபவர்களைப் போலவே, தேவையில்லாமல் எல்லாவற்றையும் இணைப்பவர்களையும் கவனிக்க வேண்டும். சம்பளம் மட்டும் வாங்குபவர் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று மூன்று ஆண்டு வங்கி அறிக்கையைச் சேர்த்து அனுப்பினால், தமக்கு விதி பொருந்தாது என்பதை அவரால் உறுதி செய்துகொள்ள முடியவில்லை என்று பொருள். அத்தகைய விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்படாததால் எந்தப் புகார்ப் பதிவேட்டிலும் அவை ஏறுவதில்லை.

இணையப் படிவத்தில் கூடுதலாக ஒன்றைச் சோதிக்க வேண்டும். கேள்விக்குப் பதில் ஆம், இல்லை என்ற இரண்டோடு முடிவதில்லை. பதிலளிக்காத நிலை என்று மூன்றாவதும் உண்டு. நிரல் அதை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டால், கேள்வியைத் தாண்டிச் சென்றவர் பகுதி ஆ-விலிருந்து தப்பிவிடுவார். ‘ஆம்’ என்று சொல்லிவிட்டுப் பின்னர் ‘இல்லை’ என்று மாற்றியவருக்கு, மறைந்துவிட்ட பதிவேற்றக் கட்டம் இன்னும் கட்டாயமாகவே இருந்து, காரணம் தெரியாமல் விண்ணப்பம் நகராமல் நிற்பதும் உண்டு. அவர் முன்பு பதிவேற்றிய கணக்கை நீக்குவதா, வைத்துக்கொள்வதா என்பதையும் விதி எழுதியவரிடம் கேட்டுத்தான் நிரலாக்க வேண்டும். அதற்கான பதில் மேலே உள்ள நான்கு விதிகளிலும் இல்லை.